தவணையில் கட்டணம் கட்டுபவர் நாணயத்தை எப்போது வாங்க வேண்டும்?

பிரிட்டனில் படிக்கும் ஒரு மாணவரை எடுத்துக்கொள்வோம். வீட்டு வருமானம் டாலரில், ஆண்டுக் கட்டணம் 18,000 பவுண்டு. மொத்தமாகக் கட்டலாம், அல்லது செப்டம்பர் இறுதி, ஜனவரி இறுதி, ஏப்ரல் இறுதி என்று ஆறாயிரம் ஆறாயிரமாக மூன்று தவணையில் கட்டலாம். கூடுதல் கட்டணமோ தள்ளுபடியோ கிடையாது. எது மலிவு?

பலரும் சொல்லும் பதில் "பவுண்டு ஏறுமா இறங்குமா என்று பார்த்துச் செய்யுங்கள்" என்பதுதான். அதைப் பார்த்துச் சொல்ல முடிந்தவர்கள் கல்லூரிக் கட்டணத்தைப் பற்றிக் கவலைப்படும் நிலையில் இருக்க மாட்டார்கள். ஆகவே அடுத்தடுத்த இரண்டு கல்வியாண்டுகளில் உண்மையில் என்ன நடந்தது என்று பார்ப்போம். 2021 ஆகஸ்ட் தொடக்கத்தில் ஒரு பவுண்டு சுமார் 1.39 டாலர். செப்டம்பர் இறுதியில் 1.35, ஜனவரி இறுதியில் 1.34, 2022 ஏப்ரல் இறுதியில் 1.26. அடுத்த ஆண்டு கதையே வேறு. 2022 ஆகஸ்ட் தொடக்கத்தில் 1.22 இருந்த பவுண்டு, பிரிட்டன் அரசு அறிவித்த வரிக்குறைப்புத் திட்டத்தால் சந்தை மிரண்டு, செப்டம்பர் 26 அன்று 1.04 டாலருக்கும் கீழே போய் வரலாறு காணாத வீழ்ச்சியைத் தொட்டது. அந்த மாத இறுதிக்குள் 1.11க்கு மீண்டது. ஜனவரி இறுதியில் 1.23, ஏப்ரல் இறுதியில் சுமார் 1.25. வங்கியின் லாபத்தைச் சேர்க்காமல், சந்தை விலையை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் அதே 18,000 பவுண்டுக்கு ஆகும் டாலர் இது:

| எப்படிக் கட்டினார் | 2021–22 | 2022–23 |
|---|---|---|
| ஆகஸ்ட் தொடக்கத்திலேயே மொத்தமாக | 25,020 | 21,960 |
| செப்டம்பர் இறுதியில் மொத்தமாக | 24,300 | 19,980 |
| மூன்று தவணையாக | 23,700 | 21,540 |

முதல் ஆண்டில் தவணை ஜெயித்தது. இரண்டாம் ஆண்டில் செப்டம்பரில் மொத்தமாகக் கட்டியவர் தவணைக்காரரைவிட 1,560 டாலர் குறைவாகக் கட்டினார். பொறுப்பாக ஆகஸ்டிலேயே கட்டி முடித்தவர் இரண்டு ஆண்டுமே எல்லோரையும்விட அதிகம் கொடுத்தார். அவர் செய்ததில் தவறு எதுவும் இல்லை, விலை அப்படிப் போனது, அவ்வளவுதான். இந்த அட்டவணையைப் பார்த்து "செப்டம்பர்தான் நல்ல மாதம்" என்று யாராவது முடிவுக்கு வந்தால், அடுத்த ஆண்டின் அட்டவணை அவரை ஏமாற்றக்கூடும்.

சரி, விலையைக் கணிக்க முடியாது. முன்கூட்டியே கணக்குப் போடக்கூடியவை என்று சில இருக்கின்றனவே, அவற்றை வைத்து முடிவெடுக்கலாம்.

அசைவு எப்போது வருகிறது என்பதே பெரிய விஷயம்

மூன்று சமத் தவணையில் கட்டுபவருக்கு முதல் தவணையின் விலை அன்றே முடிந்துபோகிறது. மீதமிருப்பது மூன்றில் இரண்டு பங்கு. இரண்டாம் தவணைக்கு முன்பே பவுண்டு 10 சதவீதம் ஏறி அங்கேயே நின்றுவிட்டால், ஆண்டின் மொத்தச் செலவு 6.7 சதவீதம் கூடும். அதே 10 சதவீத ஏற்றம் இரண்டாம் தவணைக்குப் பிறகு வந்தால் மொத்தம் 3.3 சதவீதம்தான் கூடும். கடைசித் தவணை கட்டிய மறுநாள் வந்தால் இந்த ஆண்டுக்கு ஒன்றுமே இல்லை.

இதைச் சொல்லக் காரணம், ஒரு வருடத்தில் நாணயம் எவ்வளவு ஏறியது என்று செய்தியில் வரும் எண்ணுக்கும் உங்கள் செலவு எவ்வளவு ஏறியது என்பதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. உங்களைத் தொடுவது மூன்று நாட்களின் விலை மட்டும். அதிலும் கல்லூரிகள் எல்லாம் சமமாகப் பிரிப்பதில்லை. சேரும்போது பாதி, பிறகு கால், கடைசியில் கால் என்று கேட்கும் இடங்களும் உண்டு. அப்படியென்றால் ஆபத்தில் இருப்பது பாதித் தொகைதான். "மூன்று தவணை" என்ற பெயரைப் பார்த்து நிற்காமல், முதல் நாளுக்குப் பிறகு எத்தனை பங்கு பாக்கி, எத்தனை மாதம் பாக்கி என்ற இரண்டையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன மாணவருக்கு 12,000 பவுண்டு பாக்கி. அதில் பாதி நான்கு மாதம், பாதி ஏழு மாதம் காத்திருக்கிறது. சராசரியாக ஐந்தரை மாதம். இனி வரும் கணக்கெல்லாம் இந்த 12,000 பவுண்டைப் பற்றியதுதான், ஏனென்றால் முதல் 6,000 எந்த வழியிலும் இன்றே போகப்போகிறது.

காத்திருப்பதற்கு என்ன கூலி?

பணம் கையில் இருக்கிறது, சொந்த நாணயத்தில் போட்டால் ஆண்டுக்கு 6 சதவீத வட்டி வருகிறது என்று வைப்போம். நான்கு மாதத்துக்கு 2 சதவீதம், ஏழு மாதத்துக்கு 3.5 சதவீதம். அதாவது கட்டண நாணயம் ஜனவரிக்குள் 2 சதவீதத்துக்கும், ஏப்ரலுக்குள் 3.5 சதவீதத்துக்கும் குறைவாக ஏறினால் காத்திருந்தது லாபம். அதைத் தாண்டினால் நஷ்டம். இந்த எல்லைக்கோட்டைப் போட்டுவிட்டால் "ஏறுமா இறங்குமா" என்ற பேச்சு "இவ்வளவுக்கு மேல் ஏறுமா" என்று மாறுகிறது. பதில் தெரியாவிட்டாலும், எதைப் பந்தயம் கட்டுகிறோம் என்பதாவது தெரியும்.

முன்கூட்டி மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி தரும் கல்லூரிகள் இருக்கின்றன. இங்கேதான் பலருடைய கணக்கு சறுக்குகிறது. 3 சதவீதத் தள்ளுபடி என்றால் 18,000க்கு 540 பவுண்டு. ஆனால் அந்த 540 பவுண்டுக்காக நீங்கள் கூடுதலாக முன்னே தருவது 12,000 பவுண்டை மட்டும்தான், முதல் 6,000 எப்படியும் போயிருக்கும். ஆக உண்மையான தள்ளுபடி 12,000க்கு 540, அதாவது 4.5 சதவீதம். அதுவும் சராசரி ஐந்தரை மாதத்துக்கு! ஆண்டுக்கணக்கில் பார்த்தால் பத்து சதவீதத்துக்குக் குறையாது, அதில் ஆபத்தும் இல்லை. 6 சதவீத வட்டியை விட்டுக்கொடுத்து இதை எடுத்துக்கொள்வதே மேல். தள்ளுபடியைத் தவிர்த்துக் காத்திருப்பவருக்கு வரவும் செலவும் சரியாக வர, கட்டண நாணயம் சராசரியாகக் கிட்டத்தட்ட 2 சதவீதம் *இறங்க* வேண்டும். அப்படி இறங்கும் என்று நம்ப உங்களிடம் தனிக் காரணம் ஏதும் இல்லையென்றால் தள்ளுபடியை வாங்கிக்கொண்டு போய்விடலாம்.

கல்விக்கடனில் கட்டுபவருக்கு இதே கணக்கு திரும்பிவிடும். கடன் வட்டி 11 சதவீதம் என்றால், பணத்தை ஐந்தரை மாதம் முன்னதாக எடுப்பதற்கு ஏறக்குறைய 5 சதவீதம் வட்டி ஆகும். 4.5 சதவீதத் தள்ளுபடி அதற்குச் சரியாகப் போய்விடுகிறது. விலை அசையாமல் இருந்தால் இரண்டு வழியும் ஒன்றுதான். தள்ளுபடியே இல்லையென்றால் காத்திருப்பவருக்கு 5 சதவீத இடைவெளி கிடைக்கிறது. ஆனால் கடன்காரருக்கு வேறொரு தலைவலி இருக்கிறது. வங்கி அனுமதித்த தொகை சொந்த நாணயத்தில் இருக்கும். கட்டண நாணயம் 10 சதவீதம் ஏறினால் கடைசித் தவணைக்கு அந்தத் தொகை போதாமல் போகும். கூடுதல் தொகைக்கு மறுபடி விண்ணப்பிக்க நாளாகும், கல்லூரியின் கெடு அதற்காக நிற்காது. அதனால் கடனில் கட்டுபவர் காத்திருக்க முடிவெடுத்தால், அனுமதித்த தொகையில் எத்தனை சதவீதம் ஏற்றத்தைத் தாங்க இடமிருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். வட்டி மிச்சம் அப்புறம்.

கட்டும் நாள் வேறு, வாங்கும் நாள் வேறு

இதுவரை சொன்னதில் ஒரு மறைமுக அனுமானம் இருந்தது: தவணை கட்டும் நாளில்தான் பவுண்டு வாங்குவோம் என்பது. அப்படி எந்தக் கட்டாயமும் இல்லை. தவணை என்பது கல்லூரி உங்களுக்குக் கொடுக்கும் அவகாசம். நாணயத்தை எப்போது வாங்குவது என்பது உங்களுக்கும் வங்கிக்கும் இடையிலான தனி விஷயம். இரண்டையும் பிரித்துவிட்டால், அட்டவணையில் இல்லாத நான்காவது வழி ஒன்று திறக்கிறது: இன்றே பவுண்டாக மாற்றி வைத்துக்கொண்டு, தவணை நாட்களில் அதிலிருந்து கட்டுவது.

நடைமுறையில் இதற்கு எளிய இடம், படிக்கும் நாட்டில் மாணவர் பெயரில் திறக்கும் வங்கிக் கணக்கு. மொத்தத் தொகையையும் ஒரே தடவை அங்கே அனுப்பி, முதல் தவணையைக் கட்டிவிட்டு, மீதியை அந்த நாட்டுச் சேமிப்புக் கணக்கில் போட்டுவிடலாம். 4 சதவீத வட்டி தரும் கணக்கு கிடைத்தால், ஏழு மாதம் கழித்துக் கட்டவேண்டிய 6,000 பவுண்டுக்கு இன்று 5,863 பவுண்டு வாங்கினால் போதும், மிச்சத்தை வட்டி நிரப்பிவிடும். மொத்தமாகக் கல்லூரிக்கே கட்டியிருந்தால் இந்த வட்டி கிடைக்காது. விலையும் இன்றே முடிவாகிவிட்டது, பணமும் உங்கள் கையிலேயே இருக்கிறது. மாணவர் படிப்பை விட்டாலோ கல்லூரி மாறினாலோ, திருப்பிக் கேட்டு மனு எழுத வேண்டியதில்லை.

குறைகளும் உண்டு. வீட்டு வாடகைக்கும் கட்டணத்துக்கும் ஒரே கணக்கு என்றால், ஏப்ரல் தவணைப் பணம் பிப்ரவரியில் கரையத் தொடங்கும். பெற்றோர் இதைப் பற்றிப் பேச வெட்கப்படக் கூடாது, கட்டணத்துக்கு என்று தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு திறக்கச் சொல்ல வேண்டும். புதுக் கணக்கில் பெரிய தொகை வந்து விழுந்தால், பணம் எங்கிருந்து வந்தது என்று வங்கி ஆவணம் கேட்கும். கல்லூரியின் கட்டணக் கடிதத்தையும் அனுப்பியவரின் வருமானச் சான்றையும் தயாராக வைத்திருந்தால் சுலபமாக முடியும். சில நாடுகளில் வெளிநாட்டுக்கு அனுப்பும் தொகைக்கு உச்சவரம்பு இருக்கும், அல்லது கட்டணக் கடிதத்தில் உள்ள தொகையைக் கல்லூரிக்கே நேராக அனுப்பச் சொல்வார்கள். அங்கே இந்த வழி அடைபடும்.

அடைபட்டால் ஃபார்வர்ட் ஒப்பந்தம் இருக்கிறது. ஏப்ரல் 30 அன்று இன்ன விலைக்கு 6,000 பவுண்டு வாங்கிக்கொள்கிறேன் என்று இன்றே வங்கியுடனோ நாணய நிறுவனத்துடனோ எழுதிக்கொள்வது. இதில் சொல்லப்படும் விலை இன்றைய விலையைவிட அதிகமாக இருப்பதைப் பார்த்துப் பலர் "இது கொள்ளை" என்று விலகிவிடுகிறார்கள். அது கொள்ளை இல்லை, இரண்டு நாடுகளின் வட்டி வித்தியாசம். சொந்த நாணயத்தில் 6 சதவீதம், பவுண்டில் 4 சதவீதம் என்றால் ஏழு மாத ஃபார்வர்ட் விலை இன்றைய விலையைவிட சுமார் 1.1 சதவீதம் கூடுதலாக இருக்கும். அந்த ஏழு மாதமும் உங்கள் பணம் உங்களிடமே இருந்து 3.5 சதவீதம் சம்பாதிக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், இன்றே 5,863 பவுண்டு வாங்கிப் போட்டதற்கும் ஃபார்வர்ட் எழுதியதற்கும் செலவு ஒன்றேதான். 1.1 சதவீதத்துக்கு மேல் கேட்டால் அந்தக் கூடுதல்தான் அவர்களுடைய லாபம், அதைப் பேரம் பேசலாம்.

ஃபார்வர்டில் கவனிக்க வேண்டியது, அது கட்டாயம் என்பது. முன்வைப்பாக ஒரு தொகை கேட்பார்கள். பவுண்டு இறங்கினால் மேலும் வைப்புக் கேட்கக்கூடும். டிசம்பரில் மாணவர் படிப்பை நிறுத்திவிட்டாலும் ஏப்ரலில் அந்தப் பவுண்டை வாங்கியே ஆக வேண்டும், அல்லது ஒப்பந்தத்தை முறித்து வித்தியாசத்தைக் கட்ட வேண்டும். முதல் ஆண்டு மாணவருக்கு, அதிலும் விசா இன்னும் கைக்கு வராத நிலையில், நான் இதைச் சொல்ல மாட்டேன்.

சிறு செலவுகள் எங்கே ஒளிந்திருக்கின்றன

மூன்று முறை அனுப்பினால் மூன்று முறை கட்டணம், ஆகவே தவணை வீண் செலவு என்று ஒரு வாதம் உண்டு. அனுப்பும் கட்டணம் 30 டாலர் என்றால் கூடுதலாக ஆவது 60 டாலர். 20,000 டாலர் கணக்கில் அது ஒரு பொருட்டே அல்ல. பெரிய தொகை ஒளிந்திருப்பது விலையில். திரையில் 1.2500 என்று தெரியும்போது வங்கி உங்களுக்கு 1.2750க்கு விற்றால், 6,000 பவுண்டுக்கு 150 டாலர் போய்விட்டது, ரசீதில் அப்படி ஒரு வரியே இருக்காது. மூன்று தவணைக்கும் சேர்த்து 450. இந்த 2 சதவீதம் ஒரே தடவை அனுப்பினாலும் போகும். அதனால் எந்த நாளில் அனுப்புவது என்று ஒரு வாரம் யோசிப்பதைவிட, யார் மூலம் அனுப்புவது என்று ஒரு மணி நேரம் ஒப்பிடுவதில் உறுதியான மிச்சம் இருக்கிறது. ஒப்பிடும்போது ரேட்டைக் கேட்காதீர்கள். "6,000 பவுண்டு கல்லூரிக் கணக்கில் முழுதாகப் போய்ச் சேர, என் கணக்கிலிருந்து மொத்தம் எவ்வளவு எடுப்பீர்கள்?" என்று கேளுங்கள். அப்போது எல்லாரும் ஒரே எண்ணில் பதில் சொல்ல வேண்டி வரும்.

முழுதாக என்ற சொல்லுக்கு அழுத்தம் தரக் காரணம் உண்டு. வங்கி மூலம் அனுப்பும்போது வழியில் உள்ள இடைவங்கி தன் கூலியைத் தொகையிலிருந்தே பிடித்துக்கொள்ளலாம். 6,000 அனுப்பினால் 5,982 போய்ச் சேரும். கல்லூரியின் கணினி அந்த 18 பவுண்டைப் பாக்கி என்று காட்டும், தேர்வு முடிவைப் பார்க்கவோ அடுத்த பருவத்துக்குப் பதியவோ விடாமலும் போகலாம். இடைவங்கிக் கூலி எல்லாம் அனுப்புபவர் பொறுப்பு என்று படிவத்திலேயே குறித்துவிட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இருக்காது.

நாள் விஷயத்தில் மட்டும் ஒரு எச்சரிக்கை. கெடு ஜனவரி 31 என்றால் பணம் அன்று போய்ச் *சேர* வேண்டும். அனுப்பும் நாளுக்கும் சேரும் நாளுக்கும் இடையே இரண்டு மூன்று வேலைநாள் ஆகும், நடுவில் வார இறுதியோ வங்கி விடுமுறையோ வந்தால் இன்னும் நீளும். சனி ஞாயிறில் நாணயச் சந்தை மூடியிருப்பதால், அன்று மாற்றித் தருபவர்கள் திங்கள்கிழமை என்ன நடக்குமோ என்று பாதுகாப்புக்காகக் கொஞ்சம் மோசமான விலை சொல்வதும் வழக்கம். கெடுவுக்கு மூன்று நாள் முன்பு விலை கொஞ்சம் ஏறிவிட்டது, நாளை இறங்கும் என்று காத்திருப்பவருக்குக் கிடைக்கக்கூடிய லாபம் அரை சதவீதம். அபராதம் அதைவிடப் பெரிதாக இருக்கக்கூடும்.

யாருக்கு எது

கட்டண நாணயம் 10 சதவீதம் ஏறினால் கடைசித் தவணையைக் கட்டவே முடியாது என்ற நிலையில் உள்ள குடும்பம் சராசரியைப் பார்க்கக் கூடாது. அவர்கள் பணம் கையில் இருந்தால் இன்றே மாற்றி வைக்க வேண்டும். விலை பிறகு இறங்கினால் கொஞ்சம் வருத்தம், ஏறியிருந்தால் படிப்பே நின்றிருக்கும். இரண்டும் ஒன்றல்ல. நாணயங்கள் சில சமயம் படிப்படியாக ஏறுவதில்லை. 2015 ஜனவரி 15 அன்று சுவிஸ் மத்திய வங்கி ஒரு யூரோவுக்குக் குறைந்தது 1.20 ஃப்ராங்க் என்ற வரம்பைக் கைவிட்டபோது, ஃப்ராங்க் சில நிமிடங்களில் எகிறியது. சில நாட்களுக்கு முன்பு வரை அந்த வரம்பு நிற்கும் என்றுதான் மத்திய வங்கி சொல்லிக்கொண்டிருந்தது.

10 சதவீதத்தைத் தாங்கக்கூடியவருக்கு, தள்ளுபடி இருந்தால் மொத்தமாகக் கட்டுவது. இல்லாவிட்டால், பாக்கித் தொகையில் பாதியை இன்று மாற்றி வைத்து, மறு பாதியைத் தவணை நாளுக்கு விடுவது எனக்குச் சரியாகப் படுகிறது. இது கணித ரீதியாகச் சிறந்த வழி என்று நிரூபிக்க முடியாது. ஆனால் எந்தப் பக்கம் விலை போனாலும் பாதி சரியாக நடந்திருக்கும், அடுத்த தவணைக்கு நிதானமாக முடிவெடுக்கலாம். மாதச் சம்பளத்திலிருந்து கட்டணம் சேர்ப்பவருக்கு இந்தத் தேர்வே கிடையாது. அவர் மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டண நாணயத்தை வாங்கிச் சேர்க்கலாம், ஒவ்வொரு முறையும் நிலையான கட்டணம் பிடிக்காத சேவையாக இருந்தால் மட்டும்.

விசா இன்னும் வராதவர் எந்தக் குழுவில் இருந்தாலும் கல்லூரி கேட்கும் குறைந்தபட்ச முன்பணத்துக்கு மேல் கட்ட வேண்டாம். விசா மறுக்கப்பட்டால் கல்லூரி பவுண்டைத் திருப்பித் தரும், பெரும்பாலும் நிர்வாகக் கட்டணம் கழித்து. அந்தப் பவுண்டை, அன்று வங்கி வாங்கும் விலைக்கு நீங்கள் மறுபடி மாற்றுவீர்கள். போகும்போது 2 சதவீதம், வரும்போது 2 சதவீதம். 18,000 பவுண்டையும் முன்கூட்டி அனுப்பியிருந்தால், சந்தை ஓர் அணுவும் அசையாமலே 700 பவுண்டு அளவுக்குப் போயிருக்கும். அனுப்பும் முன் கல்லூரியின் பணம் திருப்பும் விதிகளில், பணம் எந்த நாணயத்தில், யார் கணக்குக்கு, எத்தனை நாளில் வரும் என்ற மூன்றையும் தேடிப் படித்துவிடுங்கள்.